ரத்தப் பரிசோதனையா, சிடி ஆஞ்சியோவா: நுரையீரல் ரத்த உறைவுச் சந்தேகத்தில் எது முதலில்?

ஒருவருக்குத் திடீரென்று மூச்சு வாங்குகிறது. மூச்சை ஆழமாக இழுத்தால் நெஞ்சின் ஒரு பக்கம் சுருக்கென்று குத்துகிறது. நிமோனியாவாக இருக்கலாம், தசைப்பிடிப்பாக இருக்கலாம். காலின் உட்சிரையில் உறைந்த ரத்தம் அங்கிருந்து பிய்ந்து வந்து நுரையீரல் தமனியை அடைத்திருக்கவும் கூடும். இந்தக் கடைசிச் சந்தேகம் வந்துவிட்டால் மருத்துவர் முன் இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று, டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை. மற்றது, கையில் கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றி நுரையீரல் தமனிகளைப் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோ.

சிடி உறைவை நேரடியாகவே காட்டிவிடுகிறதே, எல்லோருக்கும் அதையே எடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ரத்தப் பரிசோதனை எளிது, எல்லோருக்கும் முதலில் அதைச் செய்து பார்ப்போமே என்பவர்களும் உண்டு. முதல் யோசனையின் குறைகள் சுலபமாகப் புரிந்துவிடும்: கதிர்வீச்சு, கான்ட்ராஸ்ட் மருந்துக்கு ஒவ்வாமை, பழுதான சிறுநீரகத்துக்கு வரக்கூடிய தொந்தரவு, தேடாத ஏதோ ஒரு சின்ன முடிச்சு படத்தில் தென்பட்டு அதன் பின்னால் மாதக்கணக்கில் அலைவது. இரண்டாவது யோசனையின் குறை அவ்வளவு சீக்கிரம் கண்ணில் படாது. என் பார்வையில் இரண்டில் அதுதான் அதிக ஆபத்தானது. ஒரு நெகட்டிவ் முடிவு யாருக்கு வந்தது என்பதைப் பொறுத்து அதன் பொருளே மாறிவிடும்.

நெகட்டிவ் என்றால் எவ்வளவு நெகட்டிவ்?

ரத்தம் உறையும்போது ஃபைப்ரின் என்ற புரதம் வலை போலப் பின்னிக்கொள்கிறது. உடல் அந்த வலையை மெல்லக் கரைக்கும்போது உடைந்து வரும் துண்டுகளில் ஒன்றுதான் டி-டைமர். உடலில் எங்காவது உறைவு உருவாகிக் கரைந்துகொண்டிருந்தால் இதன் அளவு கூடும். சிக்கல் என்னவென்றால், தொற்று, புற்றுநோய், கர்ப்பம், அறுவை சிகிச்சை, அடிபட்ட காயம், ஏன் வெறும் முதுமை கூட இதைக் கூட்டிவிடும். ஆகவே டி-டைமர் அதிகம் என்ற முடிவை வைத்து உறைவு இருக்கிறது என்று சொல்லவே முடியாது. குறைவு என்ற முடிவுக்குத்தான் மதிப்பு. இது உறைவைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை அல்ல, இல்லை என்று தள்ளிவைக்கும் பரிசோதனை.

எவ்வளவு நம்பித் தள்ளிவைக்கலாம் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். உறைவு உள்ளவர்களில் 100க்கு 95 பேரை டி-டைமர் பிடித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உறைவு இல்லாதவர்களில் 100க்கு 40 பேருக்குத்தான் நெகட்டிவ் என்று சொல்கிறது. நல்ல ஆய்வகங்களின் நிஜ நிலவரம் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

சந்தேகம் லேசாக மட்டுமே உள்ள 1000 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களில் 100 பேருக்கு உண்மையில் உறைவு இருக்கிறது. டி-டைமர் 95 பேரைப் பிடிக்கிறது, 5 பேரைத் தவறவிடுகிறது. உறைவு இல்லாத 900 பேரில் 360 பேருக்கு நெகட்டிவ் வருகிறது. மொத்தம் 365 பேர் நெகட்டிவ் முடிவோடு வீட்டுக்குப் போகிறார்கள், அவர்களில் 5 பேருக்குத்தான் உறைவு. சுமார் 73 பேருக்கு ஒருவர். சிடி எடுத்து உறைவு இல்லை என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களிலும் 100க்கு ஒருவர் அளவுக்கு அடுத்த 3 மாதத்தில் உறைவோடு திரும்பி வருவதுண்டு. ஆக இந்த நெகட்டிவ் கிட்டத்தட்ட சிடி தரும் நிம்மதிக்குச் சமம், அதுவும் கதிர்வீச்சு இல்லாமல்.

இப்போது சந்தேகம் பலமாக உள்ள வேறு 1000 பேர். இவர்களில் 400 பேருக்கு உறைவு இருக்கிறது. அதே ஆய்வகம், அதே டி-டைமர். 20 பேர் தவறிப்போகிறார்கள். உறைவு இல்லாத 600 பேரில் 240 பேருக்கு நெகட்டிவ். ஆக 260 பேர் நெகட்டிவ், அவர்களில் 20 பேருக்கு உறைவு: 13 பேருக்கு ஒருவர். சிகிச்சை கொடுக்காவிட்டால் உயிரைப் பறிக்கக்கூடிய நோயில் 13க்கு ஒருவரைத் தெரிந்தே வீட்டுக்கு அனுப்ப எந்த மருத்துவரும் துணிய மாட்டார். மீதி 740 பேருக்கு பாசிட்டிவ் வந்திருக்கிறது, அவர்கள் எப்படியும் சிடிக்குத்தான் போக வேண்டும். அப்படியானால் இந்தக் கூட்டத்துக்கு ரத்தம் எடுத்து என்ன கண்டோம்? நெகட்டிவ் வந்தால் நம்ப முடியாது, பாசிட்டிவ் வந்தால் புதிதாக ஒன்றும் தெரியாது. நேரம் போனதுதான் மிச்சம். எந்த முடிவு வந்தாலும் அடுத்த அடி சிடிதான் என்றால் அந்தப் பரிசோதனையைச் செய்யாமலே சிடிக்குப் போவதுதான் சரி.

இயந்திரம் மாறவில்லை, ரத்தம் எடுத்த விதம் மாறவில்லை. பரிசோதனைக்கு முன்பே ஒவ்வொருவருக்கும் இருந்த வாய்ப்பு மட்டும்தான் மாறியிருக்கிறது. அந்த முன்வாய்ப்பைக் கணிக்கத்தான் மதிப்பெண் முறைகள் வந்தன.

வெல்ஸ், ஜெனீவா: இரண்டு அளவுகோல்கள்

அதிகம் புழங்குவது கனடாவின் ஃபிலிப் வெல்ஸ் குழு உருவாக்கிய மதிப்பெண். இதில் ஏழு கேள்விகள். காலில் வீக்கமும், உட்சிரை செல்லும் பாதையில் அழுத்தினால் வலியும் இருந்தால் 3. வேறு எந்த நோயையும்விட நுரையீரல் உறைவுதான் அதிகப் பொருத்தம் என்று மருத்துவருக்குத் தோன்றினால் 3. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100க்கு மேல் இருந்தால் 1.5. கடந்த 4 வாரத்தில் அறுவை சிகிச்சை அல்லது 3 நாளாவது படுத்த படுக்கையாக இருந்திருந்தால் 1.5. முன்பு எப்போதாவது உறைவு வந்திருந்தால் 1.5. இருமலில் ரத்தம் வந்தால் 1, புற்றுநோய் இருந்தால் 1. கூட்டுத்தொகை 4 அல்லது அதற்குக் கீழ் என்றால் ‘வாய்ப்புக் குறைவு’, டி-டைமர் முதலில். 4ஐத் தாண்டினால் ‘வாய்ப்பு அதிகம்’, நேராகச் சிடி.

இந்தப் பிரிப்பு நடைமுறையில் தாக்குப்பிடிக்கிறதா என்பதை நெதர்லாந்தில் 3,306 பேரை வைத்துப் பார்த்தார்கள். கிறிஸ்டோஃபர் ஆய்வு என்று பெயர், 2006இல் வெளிவந்தது. மூன்றில் இரண்டு பங்குப் பேர் ‘வாய்ப்புக் குறைவு’ பக்கம் விழுந்தார்கள். மொத்தப் பேரில் மூன்றில் ஒருவருக்கு டி-டைமரும் நெகட்டிவாக வந்ததால் சிடியே தேவைப்படவில்லை. அப்படி அனுப்பப்பட்டவர்களில் அடுத்த 3 மாதத்தில் உறைவு வந்தவர்கள் 0.5 சதவீதம். நம் கணக்கில் வந்ததைவிடவும் குறைவு.

வெல்ஸின் ஏழு கேள்விகளில் ஆறுக்கு யார் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். நாடி 104 என்றால் 104தான். அந்த இரண்டாவது கேள்வி மட்டும் வேறு ஜாதி. அது மருத்துவரின் கணிப்பைக் கேட்கிறது, அதற்கு 3 மதிப்பெண்ணும் கொடுக்கிறது. 4 என்ற கோட்டுக்கு 3 என்பது முக்கால் தூரம். அனுபவசாலியின் மூளையை எண்ணாக்கிச் சேர்த்துக்கொள்கிறது என்று இதைப் புகழ்பவர்கள் இருக்கிறார்கள். இது அளவுகோலே இல்லை, அளவுகோல் வேடம் போட்ட அபிப்பிராயம் என்று சலித்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

சலித்துக்கொண்டவர்களுக்கு ஏற்றது திருத்திய ஜெனீவா மதிப்பெண், 2006இல் வந்தது. இதில் அபிப்பிராயத்துக்கு இடமே இல்லை. வயது 65ஐத் தாண்டினால் 1. முன்பு உறைவு வந்திருந்தால் 3. ஒரு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை அல்லது கால் எலும்பு முறிவு 2. புற்றுநோய் 2. ஒரு காலில் மட்டும் வலி 3. இருமலில் ரத்தம் 2. அழுத்தினால் வலிக்கும் ஒருபக்கக் கால் வீக்கம் 4. நாடி 75 முதல் 94 வரை என்றால் 3, 95 அல்லது அதற்கு மேல் என்றால் 5. கூட்டினால் 3 வரை குறைவு, 4 முதல் 10 வரை நடுத்தரம், 11 முதல் அதிகம். குறைவுக்கும் நடுத்தரத்துக்கும் உறைவை எளிதில் தவறவிடாத டி-டைமரை முதலில் செய்யலாம். அதிகம் என்றால் சிடி.

இரண்டில் எது சிறந்தது? ஒன்று மற்றொன்றைத் தெளிவாக வென்றதாகச் சொல்ல முடியாது. அனுபவம் குறைந்தவர் இரவு நேரத்தில் தனியாக நிற்கும் இடத்தில் ஜெனீவா பாதுகாப்பு. மார்பு எக்ஸ்ரே, இசிஜி எல்லாம் பார்த்துவிட்டு மற்ற நோய்களை எடைபோடத் தெரிந்தவர் கையில் வெல்ஸ் கூடுதலாகப் பேசும். ஒரே நோயாளிக்கு இரண்டையும் போட்டுப் பார்த்துப் பிடித்த விடையைப் பொறுக்கிக்கொள்வது மட்டும் கூடாது. அது நடக்கிறது.

ஒரு நோயாளியை வைத்துப் பார்ப்போம்

64 வயதுப் பெண். கற்பனை நோயாளிதான், ஆனால் எந்த அவசரப் பிரிவிலும் பார்க்கக்கூடியவர். மூன்று நாளாக லேசான காய்ச்சலும் இருமலும். நேற்றிலிருந்து மூச்சை இழுத்தால் வலது விலாவில் குத்தல். நாடி 104, ரத்த அழுத்தம் 126/78, ஆக்ஸிஜன் அளவு 94 சதவீதம். கால்களில் வீக்கம் இல்லை. அண்மையில் அறுவை சிகிச்சை இல்லை, புற்றுநோய் இல்லை, முன்பு உறைவு வந்ததும் இல்லை. இருமலில் ரத்தம் இல்லை. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பகுதியில் மங்கலான ஒரு திட்டு.

வெல்ஸ் போடுவோம். நாடிக்கு 1.5. மற்ற ஐந்துக்கும் பூஜ்யம். மிச்சம் அந்த அபிப்பிராயக் கேள்விதான். காய்ச்சல், இருமல், எக்ஸ்ரேயில் திட்டு, எல்லாம் நிமோனியாவைத்தான் காட்டுகின்றன என்று ஒரு மருத்துவர் சொல்வார். கூட்டுத்தொகை 1.5, டி-டைமர் முதலில். அடுத்த மருத்துவர், உறைவால் ரத்த ஓட்டம் தடைபட்டு நுரையீரலின் ஓரம் செத்துப்போனாலும் இதே மாதிரித் திட்டும், குத்தலும், லேசான காய்ச்சலும் வரும், எனக்கு அதுதான் பொருத்தமாகத் தெரிகிறது என்பார். கூட்டுத்தொகை 4.5, நேராகச் சிடி. நோயாளியிடம் ஒரு அணுகூட மாறவில்லை. ஜெனீவாவைக் கேட்டால் வயதுக்குப் பூஜ்யம், நாடிக்கு 5, மொத்தம் 5, நடுத்தரம். யார் போட்டாலும் டி-டைமர் முதலில்.

நான் முதல் மருத்துவர் பக்கம். மூன்று நாள் காய்ச்சலும் இருமலும் முன்னால் வந்து, குத்தல் பின்னால் வந்திருக்கிறது, வேறு எந்த ஆபத்துக் காரணியும் இல்லை. வெல்ஸ் கேட்பது ‘உறைவாகவும் இருக்கக்கூடுமா?’ என்று அல்ல, ‘மற்ற நோயைவிட உறைவுக்குத்தான் வாய்ப்பு அதிகமா?’ என்று. இந்தக் கேள்வியைத் தளர்வாகப் படித்து, பயத்தில் எல்லோருக்கும் 3 போட்டுவிடுவதுதான் இந்த மதிப்பெண்ணை நாசமாக்கும் சாதாரணமான வழி.

சரி, ரத்தம் எடுத்தாகிவிட்டது. டி-டைமர் லிட்டருக்கு 590 மைக்ரோகிராம் என்று வருகிறது. இனி அடுத்த தகராறு.

பழைய வழக்கப்படி கோடு 500. அதற்கு மேலே போய்விட்டதால் பாசிட்டிவ், சிடிக்குப் போக வேண்டும். ஆனால் வயது ஏற ஏற டி-டைமர் தானாகவே உயர்கிறது. 80ஐத் தாண்டியவர்களில் உறைவே இல்லாவிட்டாலும் பத்தில் ஒருவருக்குத்தான் 500க்குக் கீழே இருக்கும் என்னும் அளவுக்கு. ஆகவே 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கி அதையே கோடாக வைக்கலாம் என்றார்கள். 2014இல் வெளிவந்த அட்ஜஸ்ட்-பிஇ ஆய்வு, வாய்ப்பு அதிகமில்லாதவர்களுக்கு இது பாதுகாப்பானது என்று காட்டியது. நம் நோயாளிக்குக் கோடு 640. 590 அதற்குக் கீழே. உறைவு இல்லை என்று தள்ளிவைத்து நிமோனியாவுக்குச் சிகிச்சை பார்க்கலாம்.

2017இல் நெதர்லாந்திலிருந்து வந்த இயர்ஸ் முறை இன்னும் சுருக்கமானது. மூன்றே கேள்விகள்: காலில் உறைவின் அறிகுறி, இருமலில் ரத்தம், உறைவுதான் அதிகப் பொருத்தம் என்ற கணிப்பு. மூன்றும் இல்லையென்றால் கோடு 1000. ஒன்றாவது இருந்தால் 500. முதல் மருத்துவரின் கணிப்புப்படி கோடு 1000, 590 தாராளமாக உள்ளே. இரண்டாவது மருத்துவரின் கணிப்புப்படி கோடு 500, சிடி எடுத்தாக வேண்டும். இயர்ஸில் எல்லோருக்கும் டி-டைமர் எடுக்கிறார்கள், உண்மைதான். ஆனால் சந்தேகம் கூடினால் கோடு இறங்குகிறது, முன்வாய்ப்பு அங்கேயும் பின்கதவு வழியாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. கனடாவில் நடந்து 2019இல் வெளிவந்த பெகட் ஆய்வும் இதே தர்க்கம்தான்: வெல்ஸ் 4 வரை 1000, 4.5 முதல் 6 வரை 500, அதற்கு மேல் நேராகப் படம்.

ஆக நம் பெண்மணிக்கு வயதுக் கோடு, இயர்ஸ், பெகட் மூன்றுமே, முதல் மருத்துவரின் கணிப்பை ஏற்றால், சிடி வேண்டாம் என்கின்றன. பழைய 500 மட்டும் வேண்டும் என்கிறது. இப்படி ஒத்துப்போகும்போது முடிவு சுலபம். ஆனால் ஆய்வக ரிப்போர்ட்டை ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். டி-டைமர் இரண்டு விதமான அலகுகளில் வருகிறது. ரிப்போர்ட்டில் FEU என்று இருந்தால் மேலே சொன்ன கோடுகள் எல்லாம் பொருந்தும். DDU என்று இருந்தால் அதே அளவு டி-டைமருக்குப் பாதி எண்தான் வரும். அதாவது DDUவில் 590 என்பது FEUவில் சுமார் 1180. அப்போது கதையே தலைகீழ்: நாம் பார்த்த எல்லாக் கோடுகளையும் தாண்டிவிட்டது, சிடிதான். சில ஆய்வகங்கள் மில்லிகிராமில் 0.59 என்று போடும், அதைச் ‘சுழியம் சொச்சம்தானே’ என்று படித்துவிடுவதும் உண்டு.

இதே பெண்ணுக்கு இடது கெண்டைக்கால் வீங்கி, அழுத்தினால் வலிக்கிறது என்று மாற்றிப் பாருங்கள். வெல்ஸில் கூடுதலாக 3, அபிப்பிராயத்தைக் கேட்காமலே 4.5. இனி டி-டைமருக்கு வேலை இல்லை, படம்தான். ஆனால் எந்தப் படம்? இங்கே நிறையப் பேர் மறந்துவிடும் ஒரு வழி இருக்கிறது: காலுக்கு அல்ட்ராசவுண்ட். தொடைப் பகுதிச் சிரை அழுத்தினாலும் ஒட்டாமல், உள்ளே உறைவு தென்பட்டால், மூச்சுத்திணறலும் சேர்ந்திருக்கும் நிலையில் நுரையீரலைப் படமெடுக்காமலே சிகிச்சையைத் தொடங்க அது போதும். மருந்து இரண்டுக்கும் ஒன்றுதான். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் இது பெரிய உபகாரம். அல்ட்ராசவுண்ட் நெகட்டிவ் என்றால் மட்டும் நுரையீரல் உறைவு இல்லை என்று சொல்லிவிட முடியாது. கட்டியிருந்த உறைவு முழுதாகப் பிய்ந்து மேலே போயிருக்கலாம்.

படம் எடுத்த பிறகும் மதிப்பெண் வேண்டும்

சிடி வந்துவிட்டால் மதிப்பெண்ணின் வேலை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். அமெரிக்காவில் நடந்து 2006இல் வெளிவந்த பயோபெட்-2 ஆய்வு அந்த நினைப்பைக் கலைத்தது. முன்வாய்ப்பு குறைவாக இருந்தும் சிடியில் உறைவு இருப்பதாகச் சொல்லப்பட்டவர்களில் 58 சதவீதத்தினருக்குத்தான் உண்மையில் உறைவு இருந்தது. முன்வாய்ப்பு அதிகமாக இருந்தும் சிடி நெகட்டிவாக வந்தவர்களில் 40 சதவீதத்தினருக்கு உறைவு இருந்தது. இன்றைய ஸ்கேனர்கள் அன்றைய இயந்திரங்களைவிடத் தெளிவாகப் படமெடுக்கின்றன, அதனால் இந்த எண்களை அப்படியே இன்றைக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் படமும் கணிப்பும் முரண்பட்டால் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது என்பது மாறவில்லை.

குறைந்த வாய்ப்புள்ளவர்களுக்கு டி-டைமரைத் தாண்டி நேராகச் சிடி எடுப்பதன் நிஜமான விலை இதுதான், கதிர்வீச்சுகூட இல்லை. தமனியின் கடைக்கோடிக் கிளையில் புள்ளியளவு கருமை தெரியும். அது உறைவா, மூச்சு அசைவில் வந்த மங்கலா என்று இரண்டு ரேடியாலஜிஸ்டுகள் இரண்டு விதமாகச் சொல்வார்கள். சந்தேகத்தின் பேரில் மாதக்கணக்கில் ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து தொடங்கும், அதனால் வயிற்றிலோ மூளையிலோ ரத்தக் கசிவு வரலாம். இல்லாத நோய்க்கு உண்டான நிஜமான தீங்கு.

மறுபக்கம், வெல்ஸ் 8 உள்ள ஒருவருக்குச் சிடி சுத்தமாக வந்தால் அங்கே நின்றுவிடக் கூடாது. படம் நல்ல தரமாக எடுக்கப்பட்டதா, கான்ட்ராஸ்ட் சரியான நேரத்தில் தமனியை நிரப்பியதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் காலுக்கு அல்ட்ராசவுண்ட், இல்லையென்றால் நுரையீரலின் காற்றோட்டத்தையும் ரத்த ஓட்டத்தையும் ஒப்பிடும் வென்டிலேஷன்-பெர்ஃப்யூஷன் ஸ்கேன்.

மதிப்பெண்ணே போடக் கூடாத இடங்கள்

மேல் அழுத்தம் 90க்குக் கீழே இறங்கி, நோயாளி வெளிறி வியர்த்துக் கிடந்தால் வெல்ஸ் கூட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. இந்த மதிப்பெண்கள் எதுவும் அவர்களை வைத்து உருவானவை அல்ல. படுக்கையருகே எக்கோ வைத்து இதயத்தின் வலது அறை புடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். நிலைமை அனுமதித்தால் உடனே சிடி, அனுமதிக்காவிட்டால் எக்கோவை நம்பியே சிகிச்சை.

ஏற்கெனவே உறைவைத் தடுக்கும் மருந்தை முழு அளவில் எடுத்துக்கொண்டிருப்பவருக்கு டி-டைமர் தாழ்ந்து வரும், நெகட்டிவை நம்ப முடியாது. அறிகுறி தொடங்கி இரண்டு வாரம் கழித்து வந்தவருக்கும் அதே சங்கடம்: கரைந்து வெளிவரும் துண்டுகள் அதற்குள் குறைந்திருக்கலாம். வார்டில் ஏற்கெனவே படுத்திருக்கும் நோயாளிக்கு எதிர்ப்பக்கச் சங்கடம். தொற்று, காயம், அறுவை என்று ஏதோ ஒன்று டி-டைமரை ஏற்றியே வைத்திருக்கும், ஆகவே நெகட்டிவ் வருவதே அபூர்வம். வாய்ப்புக் குறைவு என்று மதிப்பெண் சொன்னாலும் ரத்தப் பரிசோதனையால் அங்கே சிடியைத் தவிர்க்க முடிவது குறைவு.

இன்னொரு கோடியில், எந்தப் பரிசோதனையும் வேண்டாதவர்கள் இருக்கிறார்கள். 28 வயது இளைஞர், எடை தூக்கியதற்கு மறுநாள் விலாவில் வலி, நாடி 78. மருத்துவரின் மனதில் உறைவுக்கான வாய்ப்பு 15 சதவீதத்துக்கும் கீழே என்றால் பெர்க் என்ற எட்டுக் கேள்விகளைக் கேட்கலாம். வயது 50க்குக் கீழ், நாடி 100க்குக் கீழ், ஆக்ஸிஜன் 95 அல்லது மேல், இருமலில் ரத்தம் இல்லை, ஈஸ்ட்ரோஜன் மாத்திரை இல்லை, முன்பு உறைவு இல்லை, ஒருபக்கக் கால் வீக்கம் இல்லை, 4 வாரத்துக்குள் அறுவையோ பெரிய காயமோ இல்லை. எட்டும் சரியென்றால் டி-டைமர்கூட வேண்டாம். ‘எதற்கும் ஒரு டி-டைமர் போட்டு வைப்போம்’ என்று இவருக்கு எழுதினால் எல்லையைத் தொட்டு ஒரு எண் வரும், பின்னாலேயே ஒரு சிடி வரும்.

இந்தப் போட்டு வைப்போம் பழக்கம்தான் அவசரப் பிரிவுகளில் எல்லாக் கணக்கையும் குழப்புவது. மருத்துவர் நோயாளியைப் பார்ப்பதற்கு முன்பே, நெஞ்சுவலி என்ற ஒரு சொல்லுக்காக, வழக்கமான ரத்தப் பரிசோதனைகளோடு டி-டைமரும் போய்விடும். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு போடும் மதிப்பெண் நேர்மையாக இருக்காது. 900 என்று பார்த்த கண், ‘உறைவுதான் அதிகப் பொருத்தம்’ என்ற கேள்விக்கு ஆமாம் என்றே சொல்லும். 300 என்று பார்த்த கண், வீங்கிய காலைச் சுளுக்கு என்று ஒதுக்கும். அதனால் மதிப்பெண்ணைக் கேஸ் ஷீட்டில் எழுதிய பிறகே டி-டைமருக்குச் சீட்டு எழுதுவது என்று ஒரு துறை முடிவு செய்துகொண்டால், வேறு எந்தப் புது இயந்திரமும் வாங்காமலே வீண் சிடிகளைக் குறைக்கலாம்.

எழுதிவைத்த அந்த எண் இன்னொரு முடிவுக்கும் உதவும். சிடிக்குச் சில மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஹெப்பாரின் போன்ற, உறைவைத் தடுக்கும் மருந்தைத் தொடங்கலாமா? வாய்ப்பு நடுத்தரம் அல்லது அதிகம் என்றால், ரத்தக் கசிவு ஆபத்து பெரிதாக இல்லாத நோயாளிக்குப் படம் வரும்வரை காத்திருக்காமல் ஊசியைப் போட்டுவிடலாம் என்பதுதான் 2019ஆம் ஆண்டு ஐரோப்பிய இதயவியல் சங்க வழிகாட்டியின் நிலைப்பாடு. வாய்ப்புக் குறைவு, டி-டைமர் முடிவும் சீக்கிரம் வந்துவிடும் என்றால், அந்த ஊசி முடிவுக்காகக் காத்திருக்கலாம்.